அயித்தைக்கு ஒரு நாற்காலி

போன மாதம் கண்டனூர் வீட்டில் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சாந்திக் கல்யாணம். வளவு முற்றத்தில் எல்லோரையும் நிறுத்தி எடுத்த குரூப் போட்டோவைச் சட்டம் போட்டு முகப்பில் மாட்டுவதாக ஏற்பாடு. படத்தில் முப்பத்து நான்கு பேர். அப்பச்சியின் அக்கா, எங்கள் அயித்தை மட்டும் இல்லை. தேவகோட்டையில் இருக்கிறார், வயது 74. முழங்காலில் அறுவை நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, வர முடியவில்லை.

ஸ்டூடியோ தம்பி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "ஒரு முகம் மட்டும் குடுங்கண்ணே, உடம்ப நான் போட்டுக்கிறேன்." என் போனில் அயித்தை படம் ஒன்று இருந்தது. அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மாதிரி வந்துவிட்டது. இரண்டாவது வரிசையில், யாரோ ஒருவருடைய பட்டுப்புடவைக்கு மேல் அயித்தையின் முகம்.

பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எது என்று பிடிபடச் சற்று நேரமானது. போனை இரண்டடி தூரத்தில் பிடித்து எடுத்த படம் அது. அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஒதுங்கிவிடும். குரூப் போட்டோவோ பதினைந்தடிக்கு அப்பாலிருந்து எடுத்தது. அதில் யார் முகமும் அப்படி இல்லை. வளவில் வெளிச்சம் மேலிருந்து விழும், எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் நிழல். அயித்தைக்கு மட்டும் ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். இதைச் சொன்னதும் தம்பி படத்தை இட வலமாகத் திருப்பி அனுப்பினார். வெளிச்சம் ஓரளவு சரியானது. ஆனால் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டது. ஒட்டுப் போட்ட படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: மச்சம், மூக்குத்தி, வகிடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று.

அப்போதுதான் உறைத்தது. மச்சத்தை இடம் மாற்ற நாங்கள் யார்? புடவை யாருடையது? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருந்தது. மாமா இறந்து 31 வருடமாகிறது. அதற்குப் பிறகு எந்த நல்ல காரியப் படத்திலும் அயித்தை கிடையாது. படம் எடுக்கும் நேரத்தில் இரண்டாங்கட்டில் ஏதாவது வேலையாக இருப்பார். அவராக ஒதுங்குகிறார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படியானால், ஒதுங்கி நிற்கிற ஒருவரைக் கேட்காமல் கம்ப்யூட்டரில் இழுத்து வந்து நிறுத்துவது என்ன நியாயம்?

என் தம்பி மகன், போனில் கேட்டால் போதும் என்றான். அயித்தையிடம் போனில் எதைக் கேட்டாலும் "ஒங்க இஷ்டம்ப்பா" என்றுதான் வரும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. கல்யாணத்துக்கு எழுதுகிற இசைகுடிமானத்திலிருந்து மொய் ஏடு வரை எதையும் எழுதி வைக்கிற சாதி நாம். அதனால் கடிதமாகவே எழுதினேன். கண்புரை அறுவை செய்தவர் என்பதால் பெரிய எழுத்தில் அச்செடுத்தேன். கூடவே குரூப் போட்டோவில் ஒரு பிரதி. அவர் முகம் வர வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தேன். தயாரான படத்தை அனுப்பினால் அது கேட்பதாகாது, செய்துவிட்டுச் சொல்வதாகிவிடும். கடிதம் இது:

"உ
சிவமயம்

அன்புள்ள அயித்தைக்கு, வணக்கம். கால் வலி தேவலையா?

அப்பச்சி சாந்திப் படத்தில் நீங்கள் இல்லாதது எங்களுக்குக் குறையாக இருக்கிறது. உங்கள் முகத்தை அதில் சேர்க்கலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வெள்ளைத் தாள் ஒட்டிய இடத்தில், அப்பச்சிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி வரும். போன தைப்பொங்கலுக்கு நான் எடுத்த படத்திலிருந்து முகத்தை எடுப்போம். சுருக்கத்தை எடுக்க மாட்டோம், முடியைக் கறுப்பாக்க மாட்டோம், நெற்றியில் திருநீறு அப்படியே இருக்கும். படம் முகப்பில் மாட்டப்படும், ஏழு வீட்டுக்குப் பிரதி போகும். வாட்ஸ்அப்பில் போடலாமா என்பதும் உங்கள் முடிவுதான்.

சேர்ந்து நிற்கிற மாதிரி வேண்டாம் என்றால், நம் ஐயா கொண்டுவிக்க பர்மா போயிருந்தபோது எடுத்த படத்தில் அவர் முகத்தை மூலையில் முட்டை வடிவத்தில் வைத்திருக்கிறார்களே, அப்படி வைக்கலாம். எதுவுமே வேண்டாம் என்றாலும் சரி. காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் வருத்தப்பட மாட்டோம்."

அந்த முட்டை வடிவத்தை நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் ஊரில் இல்லாதவரைப் படத்தில் சேர்த்தார், ஆனால் அவர் ஊரில் இல்லை என்பதையும் அதே படத்தில் சொல்லிவிட்டார். இன்றைக்கு ஒட்டுத் தெரியாமல் செய்வதுதான் திறமை என்றாகிவிட்டது. இருபது வருடம் கழித்துப் பார்க்கிற பிள்ளை, அயித்தை அன்றைக்கு வளவில் நின்றதாகத்தான் நினைக்கும். என் மனசில் முட்டை வடிவத்துக்கே ஓட்டு. அயித்தையும் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் பதில் வரவில்லை, போன் வந்தது. கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பேசினார்.

"நானா ஒதுங்கிப் போனேன்னு நெனச்சீகளாக்கும். முப்பது வருசத்துல ஒருத்தராச்சும் 'வாங்க, வந்து நில்லுங்க'ன்னு கூப்பிட்டீகளா? கூப்பிடாத எடத்துல நா எப்படி வந்து நிக்கிறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த முப்பது வருடத்தில் கேமராவைப் பிடித்திருந்தவன் பெரும்பாலும் நான்தான்.

அப்புறம் தன் நிபந்தனைகளைச் சொன்னார். மூலையில் வேண்டாம், "அது செத்தவுகளுக்கு வைக்கிற எடம்." அடுத்தவர் உடம்பு வேண்டாம். "பின்னாடி நிக்க வைக்காத, எனக்கு முட்டி வலி. நாற்காலி போடு." படத்தின் பின்பக்கம், இவர் அன்றைக்கு வரவில்லை, பிறகு சேர்த்தது என்று தேதியோடு எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் போடலாம், ஆனால் அந்தக் குறிப்போடு.

முன்வரிசை ஓரத்தில் ஆத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிக்கு இடம் இருந்தது. அதே வரிசை நாற்காலியில் ஒன்றைக் காரில் ஏற்றி தேவகோட்டைக்குப் போனேன். சாந்திப் படம் எடுத்தது காலை பதினோரு மணிக்கு. அதே நேரத்துக்கு அயித்தை வீட்டு வளவில், வெயில் நேராகப் படாமல் மேல்வெளிச்சம் மட்டும் விழுகிற தாழ்வாரத்து ஓரமாக நாற்காலியைப் போட்டோம். அதே கேமரா, அதே லென்ஸ், பதினைந்தடி தூரம், அதே உயரம். காலும் நாற்காலிக் காலும் தரையும் முழுசாக விழுகிற மாதிரி எடுத்தேன். தரையில் விழுகிற நிழல் இல்லாவிட்டால் ஆள் மிதக்கிற மாதிரி இருக்கும். இப்படி எடுத்ததில் ஸ்டூடியோ தம்பிக்கு வேலையே குறைந்துவிட்டது. முகத்தை அளவு குறைக்கவோ, மற்றவர்களை விடக் கூர்மையாகத் தெரிகிறதென்று மங்கலாக்கவோ வேண்டியிருக்கவில்லை. உற்றுப் பார்த்தால் ஒரு குறை உண்டு. கண்டனூர் வீட்டுத் தரைக்கல்லும் அயித்தை வீட்டுத் தரைக்கல்லும் வேறு. நாற்காலிக் காலுக்கு நடுவில் கோடு சரியாகச் சேராது. அதை அப்படியே விடச் சொல்லிவிட்டேன்.

சட்டம் போடுவதற்கு முன் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் திருப்பிப் பின்பக்கக் குறிப்பைப் படித்தார். பிறகுதான் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அன்னைக்கு ஒந் தம்பி மகன்கிட்ட மொய் குடுத்து விட்டேனே, ஏட்டுல ஏறிருச்சா?" என்றார்.

ஏறவில்லை. அன்று சாயங்காலமே ஏற்றினோம்.