அந்த மின்னஞ்சலை நான்தான் எழுதினேன், இப்போதும் அதேதான் சொல்கிறேன்

நேற்று குழுவில் ஓடிய ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விதைநெல் விற்கும் ஒரு கடைக்கான பக்கம் அது. வரைந்த படம் எல்லாப் போனிலும் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தாது என்று டிசைனருக்கு நான் தனியாக எழுதிய மின்னஞ்சலைப் படமெடுத்து, மேலே “வேலை செய்யாமல் இருக்க ஒரு சாக்கு” என்று போட்டிருந்தார்கள். முதல் நான்கு வரிதான் படத்தில் இருந்தது. கணக்கு அதற்குக் கீழே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஃபிக்மாவில் மொபைல் ஃபிரேம் 375 பிக்சல் அகலம். இரண்டு பக்கமும் 16 விட்டு, நடுவில் 12 விட்டு, இரண்டு கார்டுகள். மீதி 331. ஆக ஒரு கார்டு 165.5. உள்ளே பக்கத்துக்கு 12 பேடிங் போனால் எழுத்துக்குக் கிடைப்பது 141.5. “மாப்பிள்ளைச் சம்பா” என்ற பெயர் அந்த எழுத்துருவில், 14 அளவில், சுமார் 138 பிடிக்கிறது. ஒரே வரியில் அழகாக உட்கார்ந்துவிடுகிறது. டிசைனில் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது 360 அகல ஆண்ட்ராய்டு போனுக்கு வாருங்கள். நம் ஊர்ப்பக்கம் பாதிப் பேர் கையில் அதுதான். அதே கழித்தலைப் போட்டால் கார்டு 158, எழுத்துக்கு 134. பெயருக்கு வேண்டியது 138. நான்கு பிக்சல் போதவில்லை, “சம்பா” அடுத்த வரிக்கு இறங்குகிறது. வரி உயரம் 22, எனவே கார்டு 22 உயர்கிறது, அதற்குக் கீழே உள்ள அத்தனையும் 22 இறங்குகிறது. டிசைனர் தன் படத்தை மேலே வைத்து ஒப்பிட்டு, “விலை கீழே போயிருக்கிறது, பட்டன் கீழே போயிருக்கிறது, அடிப்பகுதி கீழே போயிருக்கிறது” என்று சிவப்பு வட்டம் வட்டமாகப் போட்டு அனுப்பினார். அவை தனித்தனிப் பிழைகள் அல்ல. காரணம் ஒரே ஒரு வரி மடிந்தது.

“அகலத்தை அப்படியே பூட்டிவிட வேண்டியதுதானே?” என்று கேட்கிறீர்கள். பூட்டிப் பார்த்தேன். 165.5-ஐ அப்படியே வைத்தால் மொத்தம் 375, திரையோ 360. பதினைந்து பிக்சல் வெளியே நிற்கிறது, பக்கம் இடவலமாக ஆடுகிறது. சரி, உயரத்தைப் பூட்டி மிச்சத்தை மறைத்தால்? வாடிக்கையாளர் “மாப்பிள்ளைச்” என்று மட்டும் படிப்பார். அதனால் நான் எழுதியது இவ்வளவுதான்:

```css
display: grid;
grid-template-columns: repeat(2, minmax(0, 1fr));
gap: 12px;
```

இடைவெளி 12 எல்லாத் திரையிலும் 12தான். விளிம்பு 16 என்றால் 16தான். கார்டின் அகலமும் வரி மடிவதும் திரையைப் பொறுத்தவை. பூட்ட முடிந்ததையெல்லாம் பூட்டியிருக்கிறேன். மின்னஞ்சலிலும் இதைத்தான் சொன்னேன்: “நீங்கள் வரைந்த இடைவெளிகளும் நிறங்களும் எழுத்தளவும் அப்படியே இருக்கும். ஆனால் 375-ல் வரைந்த படம் 360-லும் 412-லும் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தாது. பெயர் மடிந்தால் கார்டு எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுங்கள், அப்படியே செய்கிறேன்.” இதில் சாக்கு எங்கே இருக்கிறது?

என் அப்பாவுக்குத் திருவையாறு பக்கம் நிலம். போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துத்தான் படிப்பார், கண்புரை அறுவைக்கு முன்பிருந்தே பழக்கம். 1.3 மடங்கு ஆக்கினால் அதே பெயருக்கு 180 பிக்சல் வேண்டும். போன வாரம் பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு வரியில் வந்த பெயரை விரலை வைத்துப் படித்துவிட்டு, நேராக விலைக்குப் போனார். வரி மடிந்ததை அவர் கவனிக்கவே இல்லை. விதை வாங்கப்போகிறவர் அவர்தான்.

“வங்கி ஆப்களில் எல்லாம் சரியாக இருக்கிறதே” என்கிறார் ஒருவர். இரண்டு போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கும் வரி மடிகிறது. “அப்படியானால் டிசைனருக்கு என்ன மரியாதை?” என்று இன்னொருவர். மரியாதை இல்லாமலா மூன்று திரைக்கும் கணக்குப் போட்டு எழுதினேன்? சந்தேகம் இருந்தால் ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். தனியாக எழுதியதைப் பொதுவில் போட்டது வலிக்கிறது.

அப்புறம் அந்தக் கமென்ட். “கும்பகோணத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால் இவ்வளவுதான் வரும்.” 360 போன் சென்னையிலும் 360தான். ஊரில் இருப்பதால்தான் இந்தப் போன்களைத் தினமும் கையில் வாங்கிப் பார்க்கிறேன். விதைக்கடையில், உரக்கடையில், பேருந்தில் என்ன போன் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஊரைச் சொல்லிக் குத்தியவர் கணக்கில் எந்த எண் தவறு என்று சொல்லட்டும், திருத்துகிறேன்.

360, 412 இரண்டுக்கும் ஃபிரேம் வரைந்து, மிக நீளமான நெல் பெயரை அதில் போட்டு அனுப்புங்கள். அதுவரை “சம்பா” இரண்டாவது வரியில்தான் இருக்கும்.