80 ஹேஷ்டேக் போட்டவரே, 0:00 எங்கே?

ஈரோட்டில் என் அண்ணன் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நூல் ஏன் அறுகிறது என்று அவர் 9 நிமிடம் பேசிய வீடியோ ஒன்று யூடியூபில் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் கையைக் காட்டிச் சொல்லித் தருகிற வீடியோ. சேனலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு, அதை யாருமே பார்க்க முடியாதபடி ஒரு ஆள் வேலை பார்த்திருக்கிறார். டிஸ்கிரிப்ஷனைத் திறந்து பார்த்தேன், வயிறு எரிந்தது.

முதல் வரி: "அனைவருக்கும் வணக்கம், எங்கள் சேனலுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்." இரண்டாவது வரி: "தரம், நம்பிக்கை, நேர்மை." ஐயா, கம்ப்யூட்டரில் வீடியோவுக்குக் கீழே கண்ணில் படுவதே அந்த முதல் சில வரிதான். மிச்சமெல்லாம் தட்டினால்தான் விரியும். அந்த இடத்தில் வணக்கம் போட்டுவிட்டு, கடை எந்த ஊர், எந்த மெஷின், என்ன கோளாறு என்பதையெல்லாம் அடியில் புதைத்து வைத்திருக்கிறார். போன் நம்பர் ஹேஷ்டேக் கூட்டத்துக்கும் கீழே!

ஹேஷ்டேக்கும் ஒன்று இரண்டு இல்லை, 80க்கு மேல். கோயம்புத்தூர், சென்னை, ட்ரெண்டிங், வைரல், பிளவுஸ் டிசைன், ஏதோ ஒரு சினிமாக்காரர் பேர். ஒரு வீடியோவில் 60ஐத் தாண்டினால் எல்லா ஹேஷ்டேக்கையும் சேர்த்தே கண்டுகொள்ள மாட்டோம் என்று யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆக இவர் இத்தனை அடித்ததில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. வீடியோவுக்குச் சம்பந்தமில்லாத பேரை அள்ளிப் போடுவது விதிமீறல் வேறு. வீடியோவையே தூக்கினால் யார் பதில் சொல்வது?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். டிஸ்கிரிப்ஷனில் நேரம் போட்டு வீடியோவைச் சாப்டராகப் பிரித்திருக்கிறார் பாருங்கள், அங்கேதான் கோபம் தலைக்கேறியது:

```
0:05 Intro
0:12 Problem
3:40 Solution
```

இதைப் போட்டுவிட்டு, "சாப்டர் வர கொஞ்ச நாள் ஆகும் சார்" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். வராது. எத்தனை நாள் ஆனாலும் வராது. பட்டியல் 0:00ல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று நேரம் வரிசையாக ஏற வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடியாவது ஓட வேண்டும். இவருடையது 5ல் தொடங்குகிறது, முதல் பகுதி 7 விநாடிதான். வந்ததா இல்லையா என்று பார்க்க நாள் எண்ணவும் தேவையில்லை. வீடியோ ஓடும் கோட்டில் இடைவெளி விட்டுத் துண்டு துண்டாகத் தெரிந்தால் வந்துவிட்டது, ஒரே கோடாக இருந்தால் வரவில்லை. அதைக்கூட ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை.

சரி, 0:00 போட்டே தொலைத்தார் என்று வைத்துக்கொள்வோம். "பிராப்ளம்", "சொல்யூஷன்" என்று யார் தேடுகிறார்கள்? பிளவுஸ் பாதியில் நிற்கும்போது ஒரு அக்கா "thaiyal machine nool arundhu pogudhu" என்று அடிப்பார். கடைக்கு வந்து எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் போனிலும் அடிப்பார், அதுவும் பாதிப் பேர் இங்கிலீஷ் எழுத்தில்தான். கல்லாப் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்து காது கொடுத்திருந்தால் தலைப்பெல்லாம் சும்மா கிடைத்திருக்கும். நான் மாற்றிப் போட்டது:

```
0:00 மேல்நூல் அடிக்கடி அறுந்து போகுதா?
0:48 ஊசி பக்கம் மாறி மாட்டியிருந்தால்
2:15 மேல் டென்ஷன் அதிக இறுக்கம்
4:30 துணிக்கு அடியில் நூல் சிக்குவது ஏன்
7:05 பாபின் கேஸில் பஞ்சு அடைத்தால்
```

நான்காவது வரியைப் பாருங்கள். அடியில் நூல் சிக்கினால் எல்லாரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்காராததுதான் காரணம், அதை அண்ணன் கையில் காட்டுகிறார். வீடியோவிலேயே உருப்படியான இடம் அது. அதற்கு அந்த ஆள் வைத்த பேர் "சொல்யூஷன்"!

டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியை இப்படி ஆக்கினேன்: "தையல் மெஷினில் நூல் அறுவது, அடியில் சிக்குவது: வீட்டிலேயே சரிசெய்யும் முறை. ஈரோட்டில் கால் மெஷின், மோட்டார் மெஷின் ரிப்பேர்." அடுத்த வரியில் போன் நம்பர். அதற்குக் கீழே, யாராவது இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாலும் பொருந்தட்டும் என்று அதே விஷயம் ஒரே ஒரு வாக்கியமாக: "Thaiyal machine nool arundhu pogudha, indha video paarunga." ஹேஷ்டேக் மூன்று போதும், வீடியோவுக்கு அருகில் எடுத்துக் காட்டுவதே மூன்றுதான்.

சேனல் விவரத்திலும் இதே கூத்து. 1000 எழுத்துதான் இடம், அதில் பாதி "1998 முதல் உங்கள் சேவையில்" என்கிற ரீதியில் போயிருக்கிறது. கடை ஞாயிறு திறப்பா, இன்டர்லாக் மெஷின் பார்ப்பார்களா, ஒரு வார்த்தை இல்லை.

இதனால் நாளைக்கே லட்சம் பேர் வந்துவிட மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். தேடுகிற நாலு பேருக்காவது கண்ணில் படட்டும். இதற்கிடையில் அந்த ஆளிடமிருந்து இந்த மாத பில் வந்திருக்கிறது: "சாப்டர் ஆப்டிமைசேஷன்" என்று தனி வரி போட்டு, அதற்குத் தனித் தொகை. அண்ணன் தலையைச் சொறிகிறார். நான் கொடுக்க விடமாட்டேன்.