அரிட்டாபட்டி 193 ஃபுட்பால் கிரவுண்டா?

சுற்றும் செய்தி: "அரிட்டாபட்டி பல்லுயிர் தலம் மொத்தமே 193 ஹெக்டேர். அதாவது 193 ஃபுட்பால் கிரவுண்டு, ஏக்கர்ல சொன்னா 78தான்."

தவறு. 2022 அறிவிப்பில் உள்ள பரப்பு 193.215 ஹெக்டேர், அது மட்டும் சரி.

ஏக்கர் கணக்கில் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறார்கள். ஹெக்டேர்தான் பெரியது: நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், சுமார் 2.47 ஏக்கர். 193.215-ஐ 2.471-ஆல் பெருக்கினால் 477 ஏக்கர்.

மேலூர் பக்கம் பட்டாவைக் கையில் வாங்கியவர்களுக்கும் இந்தக் குழப்பம் வரும். அதில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். '0 - 40.50' என்று இருந்தால் பலர் நாற்பது சென்ட் என்றே படிக்கிறார்கள். உண்மையில் அது 40.50 ஏர். ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட் என்பதால், அது முழுசாக ஒரு ஏக்கர்.

மைதானக் கணக்கு இன்னும் வழுக்கும். சர்வதேசப் போட்டிகளில் வழக்கமான ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம், அதாவது 0.714 ஹெக்டேர். அந்த அளவில் வகுத்தால் சுமார் 271 மைதானம். ஆனால் ஆட்ட விதிகள் 90க்கு 45 மீட்டரிலிருந்து 120க்கு 90 வரை அனுமதிக்கின்றன. சின்னதை எடுத்தால் 477 மைதானம் (அது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்தான்), பெரியதை எடுத்தால் 179. எந்த அளவு என்று சொல்லாமல் 'இத்தனை மைதானம்' என்று வந்தால், ஹெக்டேர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.