அரிசி ஈரத்தை உறிஞ்சுமா?

“போன் தண்ணீரில் விழுந்தால் உடனே அரிசிக்குள் புதைத்து வையுங்கள், ஈரம் முழுக்க உறிஞ்சிவிடும்.”

உறிஞ்சாது. போனுக்குள் சிக்கிய நீரை வெளியே இழுக்கும் சக்தி அரிசிக்கு இல்லை. அதன் தூசும் நொய்யும் சார்ஜ் துளைக்குள் போய் அடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

உண்மையில் போனைக் கெடுப்பது ஈரத்தோடு சேரும் மின்சாரம். இரண்டும் சேர்ந்தால் உள்ளே உலோகம் அரிக்கத் தொடங்கும். பின்னால் பார்த்தால் இணைப்புகளில் பச்சையாகப் படிந்திருக்கும். அதனால் எடுத்தவுடன் அணைத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள், தயவுசெய்து சார்ஜரையும் செருகாதீர்கள்.

அப்புறம் சிம் தட்டைக் கழற்றி, துணியால் துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். துளி விழுவது நின்றதும் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்; சூடு பேட்டரிக்கும் ரப்பர் அடைப்புக்கும் ஆகாது.