லேப்பில் நின்றவனிடம் எதற்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்கிறீர்கள்?

மாணவன் லேப்புக்கு வந்திருக்கிறான். மாடிப்படி ஒயரிங் போட்டு, இரண்டு சுவிட்சிலும் பல்பு எரிவதைக் காட்டி, அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறான். கல்லூரியின் வருகைப் போர்ட்டலில் பார்த்தால் அன்றைக்கு ஆப்சென்ட். போய்க் கேட்டால் வருகிற பதில்: "இப்ப என்ன அவசரம்? கடைசியில ஷார்டேஜ் வந்தா ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வச்சுக்கலாம்."

என்ன அநியாயம் இது! வகுப்பில் நல்லபடியாக நின்று வேலை செய்தவன், அன்று காய்ச்சலில் படுத்திருந்ததாக டாக்டரிடம் பொய்ச் சீட்டு வாங்கி வர வேண்டுமா? அதே தேதியில் அவன் நோட்டில் ஆசிரியரின் கையெழுத்து இருக்கிறதே, அதை என்ன செய்வது? கிழித்துப் போடுவதா? தவறு நடந்தது பதிவேட்டில். அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதை மறைக்க மாணவனைப் பொய் சொல்லச் சொல்கிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பொறியியல் கல்லூரிகளில் இதன் விளைவு சின்னதில்லை. 2021 ஒழுங்குமுறைப்படி ஒரு செமஸ்டரில் மொத்தமாக 75 சதவீத வருகை வேண்டும். 65-லிருந்து 74 வரை இருந்தால், நோய், விபத்து, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு உரிய சான்றிதழ் கொடுத்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். 65-க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அடுத்த ஆண்டு அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். சலுகை என்பது வராதவனுக்கு. வந்தவனுக்கு வேண்டியது சலுகை இல்லை, திருத்தம். இந்த இரண்டையும் கல்லூரிகளும் குழப்புகின்றன, மாணவர்கள் எழுதும் கடிதங்களும் குழப்புகின்றன.

அந்தக் கடிதங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. "மதிப்பிற்குரிய மேடம், நான் எல்லா வகுப்புக்கும் ஒழுங்காக வருகிறேன். எனக்குச் சில நாட்கள் ஆப்சென்ட் போடப்பட்டுள்ளது. தயவுகூர்ந்து அட்டெண்டன்ஸ் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." எந்த நாள்? எந்த ஹவர்? எந்தப் பாடம்? ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரின் உடம்பில் புதுத் தலையை ஒட்டியது போல இருக்கிறது. இதை வாங்குகிற ஆசிரியர் என்ன செய்வார்? ஐந்தாறு வகுப்புகளின் பதிவேட்டைப் புரட்டி இவனுடைய நாளைத் தேடவா முடியும்? கெஞ்சல் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி ஓரமாக வைப்பார். செமஸ்டர் கடைசியில் அது சலுகை கேட்பவர்களின் கட்டுக்குள் போய்விடும். அங்கே போனதும் மறுபடி அதே கேள்வி: மெடிக்கல் எங்கே?

தவறு எங்கே நடக்கிறது என்று தெரிந்தால்தான் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பது புரியும். அதே 2021 ஒழுங்குமுறையில் இரண்டாம் செமஸ்டரில் வரும் இன்ஜினியரிங் பிராக்டிசஸ் லேப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பாடக் குறியீடு GE3271. வாரத்துக்கு நான்கு பீரியட், தொடர்ச்சியாக நடக்கும். வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரிப்பார்கள். ஒரு பேட்ச் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போகும். இன்னொன்று சிவில், மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் பக்கம் போய்ப் பைப் பொருத்தும், வெல்டிங் செய்யும். பாதி செமஸ்டரில் இரண்டும் இடம் மாறும். இங்கேதான் வில்லங்கம். மாறிய பிறகும் ஒரு ஆசிரியரின் கையில் பழைய பட்டியலே இருக்கும். எலக்ட்ரிக்கல் லேப்பில் நிற்கும் மாணவனின் எண்ணை ஒர்க்‌ஷாப்பில் கூப்பிடுவார்கள். பதில் வராது, ஆப்சென்ட். ஒரே எண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வருகை எடுக்கும்போது, கடைசியாக ஏறிய பதிவுதான் போர்ட்டலில் நிற்கும் என்றால் கதை முடிந்தது.

இதைத் தவிர்க்க ஒரு வேலைதான் இருக்கிறது: பேட்ச் மாறும் அன்று இரண்டு ஆசிரியர்களும் ஒரே பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் செய்யாத துறைதான், மாணவனைப் பார்த்து "நீ ஏன் கவனிக்கலை?" என்று கேட்கிறது!

மற்ற தவறுகளும் இதே மாதிரிதான். மொபைல் செயலியில் எல்லோரும் வந்ததாகத் தொடங்கி, வராதவர்களை மட்டும் தொடுவார்கள். வரிசை எண் 37-ஐத் தொடுவதற்குப் பதில் 38-இல் விரல் பட்டுவிடும். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் வகுப்பெடுத்தால், துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். அதை இரண்டு நாள் கழித்துப் பார்த்து ஏற்றுவார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அதனால்தான் திருத்துவதில் இத்தனை வீம்பு எதற்கு என்று கேட்கிறேன்.

இந்த ஒரு லேப் எவ்வளவு கனமானது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். செமஸ்டரில் 400 பீரியட் நடந்திருக்கிறது, போர்ட்டல்படி ஒருவனுக்கு 296 என்றால் 74 சதவீதம். தவறாகப் போன ஒரே ஒரு லேப்பின் நான்கு பீரியடும் திரும்பி வந்தால் 300, அதாவது சரியாக 75. ஒரு புதன்கிழமை மதியம் சரியாகப் பதிவாகியிருந்தால் அவன் சான்றிதழ் தேடி அலையவே வேண்டாம்.

ஆகவே கடிதம் ஒரே ஒரு கட்டத்தைச் சுட்டிக் காட்ட வேண்டும். பதிவேட்டில் எந்த வரிசை, எந்தத் தேதி என்று ஆசிரியர் விரலை வைக்கும்படி இருக்க வேண்டும். கல்லூரிகளில் இதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். எந்த மொழியானாலும் சாரம் இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய மேடம், 12.03.2025 புதன்கிழமை 5 முதல் 8-ஆம் ஹவர் வரை நடந்த GE3271 லேப்பில் எனக்கு (வரிசை எண் 38, பேட்ச் 2) ஆப்சென்ட் பதிவாகியுள்ளது. அன்று நான் எலக்ட்ரிக்கல் லேப்பில் மாடிப்படி ஒயரிங் பயிற்சியைச் செய்தேன். மார்ச் முதல் வாரத்தில் எங்கள் பேட்ச் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எலக்ட்ரிக்கலுக்கு மாற்றப்பட்டது. பழைய பட்டியலின்படி ஒர்க்‌ஷாப்பில் வருகை எடுக்கப்பட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். தேதியுடன் கையெழுத்திட்ட அப்சர்வேஷன் பக்கத்தின் நகலும், போர்ட்டல் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்துள்ளேன். அசல் நோட்டு கையில் உள்ளது. பதிவேட்டிலும் போர்ட்டலிலும் இந்த நான்கு ஹவரையும் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் மன்னிப்பு இல்லை, புலம்பலும் இல்லை. "நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள்" என்ற குற்றச்சாட்டும் இல்லை. தவறு எப்படி நடந்திருக்கலாம் என்று ஆசிரியருக்கு வழி காட்டுகிறது. கடிதத்தை அந்த வருகையை ஏற்றிய ஆசிரியருக்கே எழுதுங்கள், கிளாஸ் அட்வைசர் வழியாக. நேரே ஹெச்.ஓ.டி.யிடம் போனால் அது புகாராகிவிடும், ஆசிரியர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்.

ஆதாரம் என்ற பெயரில் வருவதைச் சொன்னால் இன்னும் கோபம் வரும். நண்பனோடு பேசிய வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், பஸ் பாஸ், ஹாஸ்டல் கேட் பதிவு! நீ கல்லூரிக்குள் இருந்தாய் என்பதைத்தான் கேட் பதிவு சொல்லும். அந்த நேரத்தில் கேன்டீனில் இல்லை என்று அது சொல்லாது. வகுப்பில் எடுத்த செல்பியும் உதவாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி, நேரத் தகவல் நீங்கிவிடும். போதாததற்கு வகுப்பில் போன் வைத்திருந்ததற்குத் தனியாக விசாரணை வரும். முன்னும் பின்னும் உள்ள ஹவர்களில் வருகை இருப்பது துணை ஆதாரம் மட்டுமே, தனியாக நிற்காது.

நிற்கக்கூடிய ஆதாரம் எது? அந்த அறையில், அந்த நேரத்தில், இன்னொருவர் கையால் உண்டான பதிவு. அப்சர்வேஷன் பக்கத்தில் இணைப்புப் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் ஆசிரியரின் சுருக்கொப்பம், பக்கத்தில் 12/3. இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பல ஆசிரியர்கள் தேதி போடாமல் ஒரு கிறுக்கு மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். மாணவனும் வாய் திறந்து கேட்பதில்லை. தேதியில்லாத கையெழுத்து எந்த நாளுக்கும் பொருந்தும், அதாவது எந்த நாளுக்கும் உதவாது. லேப்பை விட்டு வெளியே வரும் முன் தேதியைக் கேட்டு வாங்குங்கள். அதை விட்டிருந்தால், கருவிகளையும் ஒயரையும் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட இஷ்யூ பதிவேடு இருக்கிறதா என்று லேப் உதவியாளரிடம் கேளுங்கள். தியரி வகுப்பென்றால் அந்த ஹவரில் எழுதிய சிறு தேர்வின் விடைத்தாள் போதும். ரெக்கார்ட் நோட்டை மட்டும் ஆதாரமாகக் கொண்டுபோகாதீர்கள். அது வீட்டில் உட்கார்ந்து பின்னால் எழுதுவது என்பது எல்லோருக்கும் தெரியும்.

காலமும் முக்கியம். ஒவ்வொரு ஆசிரியரும் வருகை, மதிப்பெண் பதிவேடு வைத்திருக்க வேண்டும், செமஸ்டருக்குக் குறைந்தது மூன்று முறை அதை ஹெச்.ஓ.டி.யிடம் கொடுத்துத் தேதியுடன் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அந்தக் கையெழுத்து விழுவதற்கு முன்பென்றால், ஆசிரியர் பழைய பதிவை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டால் முடிந்தது. விழுந்த பிறகு அவர் கை தயங்கும். கல்லூரியின் வருகை பல்கலைக்கழகப் போர்ட்டலுக்கு ஏறி, பதிவுக் காலமும் மூடிவிட்டால், திருத்த நினைக்கிற ஆசிரியராலும் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அப்பா போனுக்கு "உங்கள் மகன் இன்று வரவில்லை" என்று எஸ்.எம்.எஸ். வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, அந்த வாரத்துக்குள் கடிதத்தைக் கொடுங்கள். செமஸ்டர் கடைசி வாரத்தில் மூன்று மாதத்துக்கு முந்தைய புதன்கிழமையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

கடிதத்தின் நகலில் "பெற்றேன்" என்று கையெழுத்தும் தேதியும் கேட்டால் சில ஆசிரியர்களுக்கு முகம் சிவக்கிறது. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள். உங்கள் பதிவேட்டை நம்பித்தானே சார் அவனுக்கு ஒரு மதியமே காணாமல் போனது? முறைப்பு வேண்டாம் என்றால் அன்றைக்கே அதை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும்.

"திருத்திட்டேன், போ" என்றவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். நோட்டில் திருத்தி, மென்பொருளில் மறந்துவிடுவது சர்வ சாதாரணம். நான்கு ஹவரில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மூன்றை விட்டுவிடுவதும் நடக்கிறது. இரண்டு நாள் கழித்துப் போர்ட்டலைத் திறந்து, 12-ஆம் தேதியின் நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மொத்த எண் 296-லிருந்து 300 ஆகியிருக்க வேண்டும். 297 என்று நின்றால் அதே கடித நகலோடு மறுபடி போய் நில்லுங்கள்.