"இதை இங்கால கொண்டு வந்தா இது வரும்" எண்டா, எது சேர்?

நேற்று டியூஷனால வந்ததிலயிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கேல்லை. தம்பிக்குக் கண் தெரியாது. அது சேருக்கு நல்லாத் தெரியும், முன் வாங்கிலதான் இருத்தி வைச்சிருக்கிறார். ஆனா படிப்பிக்கிறது முழுக்கப் போர்டைப் பார்த்துத்தான். நேற்று நான் பக்கத்தில இருந்து எண்ணினன், ஒரே ஒரு கணக்கில 17 தரம் "இது" சொன்னவர். "இதை இதால பெருக்கினா இது, இது இதோட வெட்டுப்படும், இங்கால கொண்டு வந்தா இது." எங்கட பிள்ளை எதைப் பிடிக்கிறது?

டியூட்டில கணக்கு இதுதான்:

(x + 3)/2 − (x − 1)/3 = 4

சேர் வாசிச்சது, "எக்ஸ் சக மூண்டின் கீழ் ரெண்டு, சய எக்ஸ் சய ஒண்டின் கீழ் மூண்டு, சமன் நாலு." ஒரே மூச்சில, எங்கயும் நிப்பாட்டாமல். இப்ப கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கோ. அந்த ரெண்டு இருக்கிறது மூண்டுக்கு மட்டும் கீழயா, "எக்ஸ் சக மூண்டு" முழுசுக்கும் கீழயா? போர்டில நீளமா ஒரு கோடு இழுத்திருக்கு, பார்க்கிற பிள்ளையளுக்கு அது காணும். காதுக்கு எங்க கோடு? தம்பி மனசுக்குள்ள எழுதினது இது:

x + 3/2 − x − 1/3 = 4

அப்பிடி எழுதினா எக்ஸும் எக்ஸும் வெட்டுப்பட்டுப் போகும், மிஞ்சிறது ஆறில ஏழு சமன் நாலு. அவன் கையை உயர்த்தி "சேர், எக்ஸ் இல்லாமப் போகுது" எண்டான். வகுப்பே சிரிச்சுது. சேர் சொல்லுறார், "கவனமாக் கேட்டாத்தானே தம்பி." கவனமாக் கேட்டதாலதான் சேர் அவன் அந்தப் பிழையைக் கண்டுபிடிச்சவன்! நீங்கள் வாசிச்ச கணக்குக்கு அவன் செய்தது சரி, வாசிச்சதுதான் பிழை.

இதோட சக, சய பிரச்சினை வேற. ரெண்டும் ஒரே நீளம், ஒரே தொடக்கம். தகரக் கூரையில மழை பெய்யேக்க எந்தப் பிள்ளைக்குக் க, ய வித்தியாசம் கேட்கும்? "கூட்ட", "கழிக்க" எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?

இது புதுசாக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. ஆபிரகாம் நெமெத் எண்டு கண் தெரியாத ஒரு கணிதப் பேராசிரியர் பிறெயிலில கணக்கு எழுதவே ஒரு முறை செய்தவர், கணக்கை வாயால வாசிக்கவும் முறை வகுத்தவர். பின்னம் எங்க தொடங்குது, எங்க முடியுது எண்டதைச் சொல்லியே வாசிக்க வேணும், அவ்வளவுதான்.

இரவு முத்தத்தில பாயைப் போட்டு நான் சொன்னன். முதல்ல உருவம்: "ரெண்டு பின்னம், முதலாவதில ரெண்டாவதைக் கழிக்கிறம், விடை நாலு." பிறகு, "முதலாவது பின்னம், மேல எக்ஸ் கூட்ட மூண்டு, அது முழுசுக்கும் கீழ ரெண்டு, பின்னம் முடிஞ்சுது." ரெண்டாவதும் அப்பிடியே. உருவத்தை முதல்ல சொல்லாமல் ஒவ்வொரு அடைப்பா அடுக்கிக்கொண்டு போனாலும் பிள்ளை தொலைஞ்சு போகும். "பொ.ம.சி. ஆறு, எல்லா உறுப்பையும் ஆறால பெருக்கிறம். இப்ப முழு வரி: மூண்டு தர அடைப்புக்குள்ள எக்ஸ் கூட்ட மூண்டு, அடைப்பு மூடுது, கழிக்க ரெண்டு தர அடைப்புக்குள்ள எக்ஸ் கழிக்க ஒண்டு, அடைப்பு மூடுது, சமன் இருபத்திநாலு." ஒவ்வொரு படி முடியவும் முழு வரியையும் திருப்பிச் சொல்ல வேணும், ஏனெண்டா அவனுக்குத் திரும்பிப் பார்க்கப் போர்ட் இல்லை, நீங்கள் அழிச்சாலும் அழிக்காட்டியும் அவனுக்கு ஒண்டுதான்.

அடுத்த படியிலதான் கண் தெரியிற பிள்ளையளே விழுறது. மறை ரெண்டை மறை ஒண்டால பெருக்க நேர் ரெண்டு. சேர் அதை வாயே திறக்காமல் மாக்கரால மாத்திப் போட்டுப் போட்டார். நான் அதை மட்டும் ரெண்டு தரம் சொன்னன். பிறகு "மூண்டெக்ஸ் கூட்ட ஒன்பது, கழிக்க ரெண்டெக்ஸ், கூட்ட ரெண்டு, சமன் இருபத்திநாலு" எண்டு சொல்லி வாய் மூடேல்லை, "எக்ஸ் கூட்ட பதினொண்டு சமன் இருபத்திநாலு, பதின்மூண்டு அக்கா" எண்டான். தானே போட்டும் பார்த்தான், பதினாறில பாதி எட்டு, பன்ரெண்டில மூண்டில ஒண்டு நாலு, எட்டில நாலு போனா நாலு. அஞ்சு நிமிஷம் கூட எடுக்கேல்லை. இந்தப் பிள்ளையைப் பார்த்தோ வகுப்பு சிரிச்சது?

நேற்று டியூஷனால வரேக்க பஸ்ஸில கொண்டக்டரும் எங்கட இறக்கத்தின்ர பேரைச் சொல்லேல்லை, நான் சனத்துக்கை நசிஞ்சு நிண்டதில வெளியால பார்க்கவும் ஏலாது, ரெண்டு ஹோல்ட் தாண்டிக் கொண்டு போய் இறக்கிவிட்டான், ஏ9 வெயிலுக்குள்ள தம்பின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு திருப்பி நடந்து வந்தனாங்கள். வாய் திறந்து ஒரு பேர் சொல்ல எல்லாருக்கும் என்னதான் கஷ்டமோ!