பெட்டி மாட்டியாச்சு, புழு எங்கே?

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலும் குடியிருப்புச் சங்கத்திலும் அட்டைப்பெட்டிக் கூடு கொடுப்பார்கள். மாட்டிவிட்டுப் படம் எடுத்துப் போடுவோம். ஏப்ரல் முழுக்கப் பெட்டி காலியாகத் தொங்கும், கோடைமழை ஒன்று பெய்தால் ஊறிக் கீழே விழும். "எல்லாம் செல்போன் டவர் செய்த வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த மார்ச்சுக்குக் காத்திருப்போம்.

டவர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். லண்டனில் கென்சிங்டன் கார்டன்ஸ் என்று ஒரு பெரிய பூங்கா. அங்கே 1925-இல் எண்ணியபோது 2,603 சிட்டுக்குருவிகள். 1975-இல் 544. 2000-இல் வெறும் 8. ஐந்தில் நாலு பங்கு குருவி போனது செல்போன் என்ற சொல்லே இல்லாத காலத்தில். முதல் சரிவுக்குக் குதிரைவண்டி மறைந்ததையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். குதிரைக்குப் போட்ட தானியம் தெருவில் சிந்தாமல் போனது. நம் ஊர்க் கணக்கு என்றால், 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுக்க எடுத்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, குறைந்திருப்பது சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில். டவர் கிராமத்திலும்தான் நிற்கிறது. அப்படியானால் நகரத்தில் மட்டும் எது இல்லாமல் போனது என்று கேட்பதுதான் சரி.

சிட்டுக்குருவிக்கு என்ன வேண்டும் என்பதைக் குறுந்தொகையின் 46-ஆம் பாட்டு நாலு வரியில் சொல்லிவிடுகிறது. "மனை உறை குரீஇ" முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்னும், மன்றத்து எருவின் நுண்துகளில் குடைந்து ஆடும், வீட்டு இறவானத்தில் குஞ்சோடு தங்கும். தீனி, புழுதி, பொந்து. இன்றைய அடுக்குமாடியில் மூன்றுமே கிடையாது. அரிசி பிளாஸ்டிக் பையில் வருகிறது, தரையெல்லாம் பேவர் பிளாக், சுவரில் விரல் நுழைய இடமில்லை. இந்த மூன்றில் பொந்து ஒன்றைத்தான் நாம் பெட்டியாகத் திருப்பித் தருகிறோம். அதையும் பெரும்பாலும் தப்பாகத் தருகிறோம்.

பாட்டில் சொல்லாத நாலாவது ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அது எங்கும் கிடந்ததால் சொல்லத் தேவைப்பட்டிருக்காது. புழு.

பெரிய குருவி தானியம் தின்னும், பொரித்த குஞ்சால் முடியாது. முதல் ஒரு வாரம் அதற்கு மென்மையான பூச்சிதான் வேண்டும்: அசுவினி, பச்சைப்புழு, சின்ன வண்டு, வெட்டுக்கிளிக் குஞ்சு. இரண்டு கிராம் சொச்சம் எடையோடு வருகிற உயிர் பதினைந்து நாளில் இறக்கை முளைத்துப் பறக்க வேண்டும். அந்த வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் நொய்யரிசியில் இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூட்டுக் குஞ்சுகளின் உணவை ஆராய்ந்தார்கள். பூச்சிக்குப் பதில் ரொட்டி, விதை என்று தாவர உணவு அதிகம் ஊட்டப்பட்ட குஞ்சுகளே பட்டினியில் அதிகம் செத்திருந்தன. வயிறு காலியாக இருந்து வரும் பட்டினி இல்லை இது, வயிறு நிறைந்தும் வருகிற பட்டினி.

ஆகவே என் கட்சி இதுதான்: பெட்டி வாங்குவதற்கு முன்னால் கீரை விதை வாங்குங்கள்.

பன்னிரண்டு அங்குல வளர்ப்புப் பை நாலு போதும். இரண்டில் தண்டுக்கீரையோ முளைக்கீரையோ தூவிவிடுங்கள். நன்றாகப் பிடித்து வளர்ந்தால், இலையைப் பின்னிக்கொண்டு பச்சைப்புழு வரும். மாடித்தோட்டக்காரர்கள் பதறிப்போய் வேப்பெண்ணெய் அடிப்பது இந்த இடத்தில்தான். அடிக்காதீர்கள். ஒரு பை உங்களுக்கு, ஒரு பை குருவிக்கு என்று பிரித்துவிடுங்கள். உங்கள் பையில் புழுவைக் கையால் பொறுக்கி அந்தப் பையில் போடலாம். முற்றிய கீரையைப் பிடுங்காமல் விட்டால் விதை கட்டும், அதையும் குருவி கொத்தும். மற்ற இரண்டு பையில் அவரை. அவரைக் கொடியின் நுனியில் கறுப்பாக மொய்க்கும் அசுவினியைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு எரிச்சல், நாலு நாள் குஞ்சுக்கு அளவெடுத்துச் செய்த உணவு. குரோட்டன்ஸும் கொரியன் புல்லும் வைத்த வளாகம் கண்ணுக்குப் பச்சையாக இருக்கும், அங்கே கிடைக்கிற புழு மிகக் குறைவு. கொசுப்புகை அடிக்கிற வளாகங்களில் இன்னும் மோசம். புகைக்குக் கொசு எது, மற்றப் பூச்சி எது என்று தெரியாது. சங்கக் கூட்டத்தில் கை தூக்கி, புகைக்குப் பதில் தேங்கிய தண்ணீரைத் தேடிக் கொட்டலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது பெட்டி. மாட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது, சிட்டுக்குருவி ஊர்விட்டு ஊர் போகிற பறவை இல்லை. பிறந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வாழ்ந்து முடித்துவிடும். காலை ஆறரைக்கு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்: டீக்கடை, மளிகைக்கடையின் ஷட்டர் மேல்பகுதி, கோழிக்கடை, மார்க்கெட். சிலுசிலுவென்று கூட்டமாகச் சத்தம் வருகிற புதர் எங்காவது இருக்கிறதா? நடக்கிற தூரத்தில் எங்குமே இல்லையென்றால் உங்கள் பெட்டிக்குக் குருவி வர வாய்ப்பு மிகக் குறைவு. அந்தப் பெட்டியைக் குருவி இருக்கிற தெருக் கடைக்காரரிடம் கொடுப்பது நல்லது.

நுழைவு ஓட்டையின் விட்டம் 32 மில்லிமீட்டர். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். கடையில் விற்கும் பல பெட்டிகளில் ஐம்பது வரை இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கும் என்று. அதில் மைனா புகும், அணில் புகுந்து நாரை அடைத்துக் குடும்பம் நடத்தும், காகம் அலகை விட்டுக் குஞ்சைத் தூக்கும். தச்சரிடம் 32 மி.மீ. ஹோல் சா இருக்கிறதா என்று கேட்டு அதிலேயே போடச் சொல்லுங்கள். அணில் பல்லால் கடித்து ஓட்டையைப் பெரிதாக்கும். அதனால் அதே அளவு ஓட்டை போட்ட தகரத்துண்டு ஒன்றை, விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டு, முகப்பில் திருகிவிடுங்கள். ஓட்டைக்குக் கீழே குச்சி வைக்காதீர்கள். குருவிக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் உட்கார வசதி.

பலகை ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் இருக்கட்டும். உள்ளே தரை பன்னிரண்டுக்குப் பதினைந்து சென்டிமீட்டர், உயரம் இருபத்திரண்டு. ஓட்டையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் மேலே. அடிப்பலகையில் தண்ணீர் வடிய நாலு சின்னத் துளை, கூரைக்குக் கீழே காற்றுக்கு ஒரு விரற்கடை இடைவெளி. உள்பக்கம் வார்னிஷ் வேண்டாம். ஓட்டைக்கு நேர் உள்ளே பலகையை ரம்பத்தால் கீறிவிட்டால் குஞ்சு நகம் பதித்து ஏறி வரும். தகரம், பிளாஸ்டிக் பெட்டிகள் சென்னை வெயிலில் அடுப்பு, அவ்வளவுதான்.

ஒரு பால்கனியை வைத்துப் பார்ப்போம். இரண்டாம் மாடி, கிழக்குப் பார்த்தது, மேலே சன்ஷேடு. ஏசி வெளியலகு இடது மூலையில் இருக்கிறதென்றால் வலது மூலையில் சன்ஷேடுக்குக் கீழே பெட்டி. தரையிலிருந்து எட்டடிக்குக் குறையாமல், பூனை தாவப் பக்கத்தில் கம்பியோ அலமாரியோ இல்லாமல். மேற்குச் சுவர் மட்டும் கிடைத்தால் நிழல் விழும் இடமாகப் பார்க்க வேண்டும். சிட்டுக்குருவி அக்கம்பக்கத்தோடு வாழ விரும்பும், ஒரு பெட்டிக்குப் பதில் மூன்றை மூணடி இடைவெளியில் மாட்டுவது நல்லது.

ஆண் குருவி, தொண்டையில் கறுப்புத் திட்டு உள்ளது, முதலில் வந்து ஓட்டையில் உட்கார்ந்து விடாமல் கத்தும். வைக்கோல், துடைப்பக்குச்சி, கோழி இறகு என்று பெட்டி நிறையும். மூன்று முதல் ஐந்து முட்டை, ஏறக்குறைய பன்னிரண்டு நாள் அடைகாப்பு. பொரித்த பிறகுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய நாட்கள். பெட்டியைத் திறக்காதீர்கள், பத்தடி தள்ளி உட்கார்ந்து அலகை மட்டும் பாருங்கள். பச்சையாக நெளிகிற ஏதாவது தொங்கினால் சரி. கூட்டிலிருந்து வெளியே போகும்போது வெள்ளைச் சோழி மாதிரி ஒன்றைக் கவ்விக்கொண்டு போகிறதா? அது குஞ்சின் எச்சம், மெல்லிய தோல்பையில் கட்டி வருவது. அதைத் தூக்கிப் போகிறதென்றால் உள்ளே குஞ்சு தின்று செரிக்கிறது என்று பொருள். மாறாக அலகில் சோற்றுப் பருக்கையோ முறுக்குத்துண்டோ வருகிறது, வருகைக்கு நடுவே நெடுநேரம் இடைவெளி விழுகிறது, நாலாம் ஐந்தாம் நாளில் பெட்டிக்குக் கீழே செத்த குஞ்சு கிடக்கிறது என்றால் குறை பெட்டியில் இல்லை, தெருவில் புழு இல்லை. எல்லாம் சரியாகப் போனால் பதினாலு முதல் பதினாறு நாளில் குஞ்சு வெளியே குதிக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. லண்டனில் குருவிக் கூடுகளுக்குப் பக்கத்தில் புழு வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் அதிகம் பிழைத்தன, ஆனால் பெரிய குருவிகளின் எண்ணிக்கை அதே அளவுக்கு ஏறவில்லை. கூட்டைவிட்டு வந்த பிறகும் அவை பிழைக்க வேண்டுமே. ஒளிய அடர்ந்த புதர் வேண்டும் (மருதாணி, காகிதப்பூ இரண்டும் நன்று), கம்பு, தினை, நொய் கொஞ்சம் வேண்டும். தானியத்தைத் தரையில் கொட்டினால் அரை மணியில் மாடப்புறா இறங்கி மொத்தத்தையும் முடித்துவிடும், பிறகு போகவும் போகாது. நாலு சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையைக் கூண்டு மாதிரி வளைத்து அதற்குள் தட்டை வையுங்கள். குருவி நுழையும், புறா நுழையாது. அன்றாடம் ஒரு கைப்பிடி, மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நனைந்த தானியம் பூசணம் பிடிக்கும். தண்ணீருக்கு மண்சட்டி, ஆழம் மூன்று விரற்கடை, தினமும் மாற்ற வேண்டும். பக்கத்தில் ஒரு பழைய தாம்பாளத்தில் சலித்த மண்ணும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போட்டுவைத்தால் குருவி அதில் குடைந்து புரளும்.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், இறகு முளைக்காதது என்றால் கையால் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. இறகு முளைத்துத் தத்தித் தாவுகிறது என்றால் அது பறக்கப் பழகுகிற குஞ்சு. பூனைக்கு எட்டாத செடியில் விட்டுவிட்டு விலகினால் தகப்பன் தேடி வந்து ஊட்டும். வாயைத் திறந்து பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அதிலேயே செத்துப்போகும். முதல் குஞ்சுகள் பறந்ததும் பெட்டியைச் சுத்தம் செய்யக் கை பரபரக்கும். பொறுங்கள், அதே சோடி அதே கூட்டில் அடுத்த முட்டையிட வரும். நாலைந்து வாரம் யாரும் வரவில்லையென்று உறுதியான பிறகு பழைய வைக்கோலை எடுத்துப் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினால் போதும். செல்லுப்பூச்சிக்கென்று மருந்துப்பொடி எதையும் உள்ளே தூவ வேண்டாம்.